ஏழாவது சீனுக்கு வசனம்: முத்துமீனா

கோரிப்பாளையத்தில் சூரியபிரகாஷின் மோட்டார் பம்ப் கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. பழைய பைப்புகள், காலி அட்டைப்பெட்டிகள், நடுவில் ஒரு மேஜை. அந்த மேஜையில் உட்கார்ந்து ஆன்றோ ஒரு தாளைக் கையில் எடுத்து, கோர்ட்டில் டவாலி பேர் கூப்பிடுவாரே, அந்தக் குரலில் படித்தான்.

"அண்ணே, நம்ம அப்பா இறந்து மூணு வருசம் ஆச்சு. அவர் இறக்குறதுக்கு முன்னாடி இந்த வீட்டையும் கிணத்தோட சேர்ந்த ஒன்றரை ஏக்கரையும் நம்ம ரெண்டு பேருக்கும் சமமா எழுதி வச்ச உயில நீங்க பீரோவுல மறைச்சு வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தான்.

"இதுக்கு அண்ணங்காரன் என்ன சொல்லணும்? கனம் கோர்ட்டார் அவர்களே, பாரா மூன்றில் கண்டது உண்மையல்லன்னா?"

சூரியபிரகாஷ் சிரித்துவிட்டார். அம்மாவாக, அக்காவாக எந்த வேஷம் கொடுத்தாலும் செய்கிறேன் என்று வந்திருந்த பிலோமினாள் டீச்சர் சிரிக்கவில்லை. எழுதியவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

முத்துமீனாவுக்கு நாற்பத்தொரு வயது. மாவட்டக் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதியை வாடகைக்கு எடுத்து, பதினெட்டு வருசமாக டைப் அடிக்கிறாள். மனு, பிரமாண வாக்குமூலம், கிரையப் பத்திரம், விடுதலைப் பத்திரம். வக்கீல் குமாஸ்தா வாயால் சொல்லச் சொல்ல இவள் விரல் ஓடும். ஒரு மனுவில் யார் யாருக்கு என்ன உறவு, எந்தத் தேதியில் என்ன நடந்தது, எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மனு திரும்பி வந்துவிடும். அவள் எழுதிய வசனமும் அப்படித்தான் வந்தது. எதுவும் விட்டுப்போகவில்லை.

சூரியபிரகாஷ் குடோனுக்கு வாடகை ஒப்பந்தம் அடிக்க வந்த ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் முத்துமீனா தான் நோட்டில் எழுதிவைத்திருந்த ஒரு கதையைச் சொன்னாள். அப்பா வீட்டுக்கு வரும் ஒரு தங்கை, வாசலோடு அனுப்பிவிடும் ஒரு அண்ணன். சூரியபிரகாஷுக்கு ஒரு குறும்படம் எடுத்து யூடியூபில் போட வேண்டும் என்று ஆசை இருந்தது. டைரக்டராக ஆன்றோவும் ஏற்கெனவே கிடைத்திருந்தான். கதை மட்டும்தான் இல்லை.

உண்மையில் கதையும் இருந்தது. ஆன்றோவின் கதை. சென்னையில் நாலு வருசம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, வேலை செய்த இரண்டு படமும் வெளிவராமல் மதுரைக்குத் திரும்பியவன் அவன். தன் கதையை மூன்று முறை சூரியபிரகாஷிடம் சொல்லியிருந்தான். அதை ஓரம் வைத்துவிட்டு, டைப் அடிக்கும் அம்மா சொன்ன கதையை எடு என்று அவர் சொன்னபோது அவன் சரி என்றான். ஆனால் முத்துமீனாவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. வசனமும் அந்த அம்மாவே எழுதட்டும் என்று சூரியபிரகாஷ் சொன்ன பிறகு, அவளைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். ஏழாவது சீன் ஒண்ணே ஒண்ணு. இது தேறலன்னா நான் எழுதிக்கிறேன். உங்களுக்குக் கதைன்னு பேர் போட்டுர்றேன்."

அவன் அக்கா என்று சொன்னதில் உறவு எதுவும் இல்லை.

நாலு நாளில் அவள் திருத்தி எடுத்துக்கொண்டு வந்தாள். நீளமான பேச்சையெல்லாம் உடைத்திருந்தாள். தங்கை ஒரு வரி, அண்ணன் ஒரு வரி, மதினி ஒரு வரி. பார்க்கச் சினிமா வசனம் மாதிரியே இருந்தது. ஆன்றோ இரண்டு பக்கம் படித்தான்.

"நீளத்தக் குறைச்சிருக்கீங்க. விளக்கத்தக் குறைக்கல. முன்னாடி ஒரே ஆள் மூச்சு விடாம சொன்னத இப்ப மூணு பேர் பங்கு போட்டுச் சொல்றாங்க."

"சொல்லாட்டி பாக்குறவகளுக்கு எப்படித் தெரியும்?"

"இவங்க யார்கிட்டப் பேசுறாங்க? அப்பா செத்து மூணு வருசம்னு தங்கச்சிக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். பிறகு யாருக்கு அந்த வரி? எனக்கு. கேமராவுக்குப் பின்னாடி நிக்கிற எனக்கு. வீட்டுக்குள்ள சண்டை போடுறவன் தெருவுல நிக்கிறவனப் பார்த்து வரலாறு சொல்லிக்கிட்டிருப்பானா?"

"நீங்க எழுதுன கதையில எப்படி வச்சிருந்தீங்க தம்பி?"

ஆன்றோ தாளை மடித்தான்.

பிலோமினாள் டீச்சர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருசம் வேலை பார்த்தவர். வருசா வருசம் சர்ச் நாடகத்தில் நடிப்பவர். இந்தப் படத்தில் தங்கை வேஷம் அவருக்குத்தான். அவர் கைக்குட்டையை மடித்து, தாளின் இடது ஓரத்தில் இருந்த பெயர்களை மறைத்துவிட்டு ஒரு வரியைப் படித்தார். "இது யார் பேசுறது?"

முத்துமீனா பார்த்தாள். "தங்கச்சி."

டீச்சர் கைக்குட்டையை நகர்த்தினார். மதினி.

"நீ எழுதினதே உனக்குத் தெரியல. எல்லாரும் உன்னோட வாயிலதான் பேசுறாங்க. இன்னொண்ணும் கேக்குறேன். இந்த வீட்டுக்குள்ள நான் எதுக்கு வர்றேன்? எனக்கு என்ன வேணும்?"

"நியாயம் வேணும் டீச்சர்."

"நியாயத்தக் கையில பிடிச்சு நடிக்க முடியாது. எடுத்துட்டுப் போற மாதிரி ஒண்ணு சொல்லு. இல்லாட்டி நான் நின்ன இடத்துல நின்னு ஒப்பிச்சிட்டுத்தான் போகணும்."

டீச்சரின் குரலில் கரிசனம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாதவளைக் கேட்பது மாதிரிதான் கேட்டார். முத்துமீனா தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். வீட்டில் அவள் புருசன் அருள்பாண்டி, ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "உன் வீட்டுக் கதைய ஊருக்குப் போட்டுக் காட்டுறதுக்கு உனக்கே வரல பாரு" என்றான்.

வெள்ளிக்கிழமை அவள் அலங்காநல்லூர் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கோர்ட்டில் தற்காலிகத் தட்டச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அவளுடைய ஹையர் டைப்பிங் சர்டிபிகேட் பிறந்த வீட்டுப் பீரோவில் கிடந்தது. மூன்று வருசமாகக் கால் வைக்காத வீடு. போனில் கேட்டால் பார்க்கிறேன் என்பார்கள், பார்க்க மாட்டார்கள். நேரில் போனால் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்து பஸ் ஏறினாள்.

வாசலில் புதுசாக இரும்புக் கிரில் கேட் போட்டிருந்தது. உள்ளே நின்ற நாய் அவளைப் பார்த்துக் குரைத்தது. அது அவளுக்குத் தெரியாத நாய். உள்ளேயிருந்து மதினி செல்லத்தாய் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "யாரது?" என்றாள்.

"நான்தான் மதினி."

"ஓ. வா. நாய் கடிக்காது, புது ஆளுகளப் பார்த்தாத்தான் இப்படி."

அண்ணன் நல்லகாமன் கட்டிலில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். "வாத்தா" என்றார். "பஸ்ஸுல கூட்டமா?"

"இல்லண்ணே. உக்காந்துதான் வந்தேன். கேட்டு புதுசா இருக்கு."

"மாடு உள்ள வந்துருது."

"மாட்ட வித்தாச்சுன்னு சொன்னாக."

"ஊர் மாடு" என்றார் அண்ணன்.

செல்லத்தாய் காபி கொண்டுவந்து வைத்தாள். முத்துமீனா ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"என்ன, நல்லா இல்லையா?"

"நான் சீனி விட்டு மூணு வருசமாச்சு மதினி."

"எங்களுக்கு யார் சொன்னா?"

அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே, "வேற போட்டுக் குடேன்" என்றார். செல்லத்தாய் நகரவில்லை. முத்துமீனா சர்டிபிகேட் விசயத்தைச் சொன்னாள்.

"பீரோ சாவி எங்க கிடக்குன்னே தெரியல" என்றாள் செல்லத்தாய். சாவிக்கொத்து அவள் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. முத்துமீனா அதைப் பார்த்தாள். இவள் பார்ப்பதைச் செல்லத்தாயும் பார்த்தாள். சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தேடிப் பார்த்துப் போட்டோ எடுத்து அனுப்புறேன்" என்றார் அண்ணன். "வெயிலுக்கு முன்னாடி கிளம்பிரு. பதினொண்ணே காலுக்கு ஒரு பஸ் இருக்கு."

"ஒரிஜினல் வேணும்ணே."

"எடுத்து வைக்கச் சொல்றேன்னுதான சொல்றேன்."

அவள் வந்து இருபது நிமிசம்கூட ஆகவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை, போ என்று சொல்லவில்லை, சொத்து என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றபோது, கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழத்தான் நினைத்தாள். அழுகைக்கு முன்னால் டைப்பிஸ்ட் புத்தி வந்துவிட்டது. யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக நினைவில் ஓட்டிப் பார்த்தாள். மூன்று பேரும் பேசியது பஸ், மாடு, சீனி, சாவி. அம்புட்டுதான். ஆனால் அதை ஓரமாக நின்று ஒருத்தர் கேட்டிருந்தால், இந்தப் பொம்பளை இந்த வீட்டில் பிறந்தவள் என்பதும், ரொம்ப நாளாக வரவில்லை என்பதும், இவளை இங்கே யாருக்கும் வேண்டாம் என்பதும் தெரிந்திருக்கும். புது ஆள் என்று மதினி சொன்னது நாயைப் பற்றி இல்லை. சீனி விட்டு மூன்று வருசம் என்று இவள் சொன்னதும் சீனியைப் பற்றி இல்லை. மூன்று வருசம் என்ற தகவல் அதற்குள்ளேயே இருந்தது. குத்துவதற்காகச் சொன்ன சொல் அது. கூடவே சேதியும் போய்விட்டது.

பிலோமினாள் டீச்சர் கேட்டதற்கும் பதில் கிடைத்தது. இவளுக்கு வேண்டியது சாவி. மதினிக்கு வேண்டியது, இவள் பீரோ பக்கம் போகாமல் கிளம்புவது. அண்ணனுக்கு வேண்டியது, அவர் முன்னால் எந்தப் பேச்சும் எழாமல் இருப்பது. அதனால்தான் மதினி எதற்கும் கேள்வியாலேயே பதில் சொன்னாள். அண்ணன் எல்லாவற்றுக்கும் வெயிலையும் பஸ்ஸையும் இழுத்தார். பெயரை மறைத்தாலும் யார் பேச்சு என்று சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து எழுதினாள். முதலில் மூன்று பேருக்கும் ஏற்கெனவே தெரிந்த விசயம் எந்த வரியில் இருக்கிறதோ அதையெல்லாம் அடித்தாள். அடித்த பிறகு பக்கம் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. உயில் போய்விட்டது. ஒன்றரை ஏக்கர் போய்விட்டது. அந்த இடத்தில் நாயும் காபியும் சாவியும் வந்து உட்கார்ந்தன. அண்ணனுக்கு ஏழு வரிக்கு மேல் கொடுக்கவில்லை. ஒரு இடத்தில் தங்கை கேட்கும் கேள்விக்கு அண்ணன் பதில் சொல்லாமல் ஃபேன் சுவிட்சைப் போடுகிறார் என்று மட்டும் எழுதினாள். வசனமே இல்லாத அந்த இடம்தான் எழுதக் கஷ்டமாக இருந்தது. நாலு தடவை அங்கே ஒரு வரி எழுதி, நாலு தடவையும் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆன்றோ சத்தமில்லாமல் படித்தான். இந்த முறை குரல் மாற்றவில்லை. முடித்துவிட்டு மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனான்.

"நாய் எதுக்கு? நாயை யாரு நடிக்க வைக்கிறது?"

"சத்தம் போதும். நாயக் காட்ட வேணாம்."

"பஸ் டைம் சொல்றது நல்லா இல்ல. பதினொண்ணே கால்னு சொன்னா ரொம்பத் துல்லியமா இருக்கு."

"அது அப்படித்தான் இருக்கணும். எப்ப போவான்னு கணக்குப் பண்ணி வச்சிருக்காரு."

அவன் பென்சிலால் எதையோ வட்டமிட்டான். பிலோமினாள் டீச்சர் கைக்குட்டையைக் கொண்டு பெயர்களை மறைத்து ஒரு பக்கம் முழுக்கப் படித்துவிட்டு, "ம்" என்றார்.

"இத ஷூட் பண்ணலாம்" என்றான் ஆன்றோ. "ஆனா நீங்க செட்டுக்கு வர வேணாம்க்கா. அங்க வந்து ஒவ்வொரு வரிக்கும் நீங்க நின்னா எனக்கு வேலை ஓடாது."

நல்லா இருக்கு என்று அவன் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை என்று வெளியே காட்டிக்கொண்டாள்.

அடுத்த மாதம் திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு பண்ணை வீட்டில் மூன்று நாள் படம் எடுத்தார்கள். அவள் போகவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மத்தியானம், அவசர மனு ஒன்று பாதியில் இருக்கும்போது பிலோமினாள் டீச்சர் போன் பண்ணினார்.

"டப்பிங்ல இருக்கேன். உன் சீன்ல புதுசா ஒரு வரி போடச் சொல்றாங்க. நான் பாத்ரூம் போறேன்னு வெளிய வந்துருக்கேன். வர்றதுன்னா வா."

மனுவை அடித்து முடித்துக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு, அருள்பாண்டியின் ஆட்டோவிலேயே போய் இறங்கினாள். திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டின் மாடி. சுவர் முழுக்கப் பஞ்சு அட்டை ஒட்டிய சின்ன அறைக்குள் டீச்சர் மைக் முன்னால் நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆன்றோ, சூரியபிரகாஷ், சவுண்ட் இன்ஜினியர். திரையில் ஏழாவது சீன் நின்றிருந்தது. தங்கை முதுகைக் காட்டி நிற்கிறாள். அவள் தோளுக்கு மேலே அண்ணன் முகம், தரையைப் பார்த்தபடி.

அவளைப் பார்த்ததும் ஆன்றோ ஹெட்ஃபோனைக் கழற்றினான். "யார் சொன்னது இவங்ககிட்ட?"

"என்ன வரி போடுறீங்க தம்பி?"

சூரியபிரகாஷ்தான் பதில் சொன்னார். "என் வீட்ல போட்டுக் காட்டினேன்மா. என் சம்சாரம் பாத்துட்டு, எதுக்குச் சண்டை போடுறாகன்னு புரியலங்கிறா. மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காக, சரி. ஏன்னு தெரியணும்ல."

ஆன்றோ தாளை நீட்டினான். தங்கையின் முதுகு தெரியும் ஷாட்டில் வாய் தெரியாது. அதனால் அங்கே எந்த வரியையும் ஒட்டலாம். அவன் எழுதியிருந்தது: "அப்பா எழுதி வச்ச உயில மறைச்சு வச்சுக்கிட்டு என்னைய இந்த வீட்டுக்கே அந்நியமாக்கிட்டீங்களேண்ணே."

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"இதத்தான நீங்க மொத நாள் கோர்ட்டுக் குரல்ல படிச்சுச் சிரிச்சீங்க?"

"ஆமா, சிரிச்சேன். நீங்க உயில எடுத்தீங்க, அதுக்குப் பதிலா ஒண்ணும் வைக்கல. ஓட்டை இருக்கு. அத நான் அடைக்கிறேன். வேற வழி இருந்தா சொல்லுங்க. இல்லாட்டி வெளிய உக்காருங்க."

"உயிலே கிடையாது."

"பிறகு என்னதான் நடந்துச்சு? உங்க கதையில அந்த அண்ணன் என்னதான் பண்ணினான்? மூணு மாசமா நீங்க அத மட்டும் சொல்லவே இல்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்பீக்கரில் டீச்சர் குரல் வந்தது. "அது எனக்கும் தெரியணும்."

முத்துமீனாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு பகுதி ஆன்றோ மேல். மிச்சம், அவன் கேட்டது சரியாக இருந்ததால் வந்தது. உயில் என்பது அவள் சும்மா கட்டிவிட்டது. அவள் அப்பா எந்த உயிலும் எழுதவில்லை. அவர் இறந்து நாற்பது நாளில் அண்ணன் அவளைக் கூப்பிட்டு, லோன் வாங்க வேண்டும், சொத்து ஒரே பேரில் இருந்தால்தான் பேங்கில் கொடுப்பார்கள், ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு, பிறகு உனக்குச் சேர வேண்டியதைச் செய்கிறேன் என்றார். அந்தப் பத்திரத்தை அவளே டைப் அடித்தாள். மேற்படி சொத்தில் இனி எனக்கு எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை என்று அவள் விரலே அடித்தது. எத்தனையோ பேருக்கு, யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க என்று சொன்னவள், ரிஜிஸ்டர் ஆபீஸில் சந்தோசமாகப் போட்டாள். அன்றைக்கு அண்ணன் வீட்டில் அவளுக்கு நாற்காலி, பலகாரம், காபி. மறைத்து வைத்த உயில் என்றால் திருடன் அண்ணன் மட்டும்தான். பத்திரம் என்றால் ஏமாந்தவளும் கதைக்குள் வர வேண்டும். அதைத்தான் அவளால் எழுத முடியவில்லை. அருள்பாண்டியிடம்கூட, அண்ணன் ஏமாற்றிவிட்டார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள், நானே அடித்தேன் என்று சொல்லவில்லை.

அவள் ஆன்றோவின் தாளைத் திருப்பி, பின்பக்கம் எழுதினாள். எழுதியதை யாரிடமும் கொடுக்காமல், கதவைத் திறந்து உள்ளே போய் டீச்சர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். இன்ஜினியர் ஷாட்டை ஓட்டினார்.

"பத்திரத்துல கையெழுத்துப் போட்ட அன்னைக்கு மட்டும் எனக்குச் சீனி எம்புட்டுன்னு கேட்டீங்களேண்ணே."

வரி முடிவதற்குள் ஷாட் முடிந்து, திரையில் மதினி வந்துவிட்டாள்.

"நீளம்" என்றான் ஆன்றோ. "நாலு செகண்டுதான் இருக்கு." தாளை வாங்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடி, "பத்திரத்துலங்கிறத எடுங்க. கையெழுத்துன்னாலே தெரிஞ்சிரும். எனக்குங்கிறதும் வேணாம்" என்றான்.

"அண்ணேயும் வேணாம்" என்றாள் முத்துமீனா. "இந்த இடத்துல அவ அண்ணேன்னு கூப்பிட மாட்டா."

டீச்சர் மறுபடியும் பேசினார். குரலை ஏற்றவில்லை. காபி நல்லா இருக்கு என்று சொல்லும் குரலிலேயே சொன்னார்.

"கையெழுத்துப் போட்ட அன்னைக்கு மட்டும் கேட்டீங்க, சீனி எம்புட்டுன்னு."

திரையில் அண்ணனாக நடித்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷூட்டிங்கில் அவர் சும்மா தன் அடுத்த வரிக்காகக் காத்திருந்தவர். இப்போது அந்த வரி அவர் மேல் விழுந்து, அதனால்தான் தலை நிமிரவில்லை என்பது போல் இருந்தது.

சூரியபிரகாஷ் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப, அந்தப் புள்ளையே எழுதிக் குடுத்திருச்சா?"

அவர் முகம் மாறியது.

"இது வேணாம்மா. உயிலே இருக்கட்டும். உயில மறைச்சான்னா அவன் கெட்டவன், முடிஞ்சுபோச்சு. இது எல்லா அண்ணன்மாரையும் சொல்ற மாதிரி இருக்கு. எங்க அக்காகிட்ட நானும்தான் விடுதலை வாங்கியிருக்கேன். முறையா வாங்கினது. என் படத்துல நானே என்னையத் திட்டிக்கணுமா?"

"உங்களத் திட்டலண்ணே" என்றாள் முத்துமீனா.

"பிறகு யாரத் திட்டுற? நீ டைப் அடிக்கிற பொம்பள. உனக்குத் தெரியாதா, சட்டப்படி அது சரின்னு?"

"தெரியும்ணே. அதான் சொல்ல முடியாம இருந்தேன்."

அப்போது ஆன்றோ திரும்பினான். அவள் பக்கம் இல்லை, சூரியபிரகாஷ் பக்கம். "அண்ணே, இந்த வரி இருக்கும். இல்லாட்டி என் பேரப் போடாதீங்க. ஹார்டு டிஸ்க்க வச்சுட்டு இப்பவே போறேன்."

"என்னடா, ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீங்களா?"

"சேரல" என்றான் ஆன்றோ.

சூரியபிரகாஷ் கீழே இறங்கிப் போய், அரைமணி நேரம் கழித்து வந்தார். வந்து உட்கார்ந்து, "என்னமோ பண்ணுங்க" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் அவர் முத்துமீனாவிடம் பேசவில்லை. அதற்குப் பிறகும் அதிகம் பேசவில்லை. கடை வேலையாக ஏதாவது டைப் அடிக்க வேண்டுமென்றால் இப்போது வேறு இடத்துக்குப் போகிறார்.

படியிறங்கும்போது ஆன்றோ பின்னாலேயே வந்தான்.

"இத மொதல்லயே எழுதியிருந்தா ரெண்டு மாசம் மிச்சம்."

"நீங்க மொதல்லயே கேட்டிருக்கணும்."

"என்னன்னு?"

"என்ன நடந்துச்சுன்னு. வசனம் சரியில்லன்னு மட்டும்தான் சொன்னீங்க."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

படம் வெளியானது. வசனம் என்ற இடத்தில் இரண்டு பேர்கள் இருந்தன, முத்துமீனா, ஆன்றோ. ஒரு வார்த்தைகூட அவன் எழுதவில்லை என்று அவள் நினைத்தாள். இரண்டு வார்த்தை எடுக்கச் சொன்னது நான்தான் என்று அவன் டீச்சரிடம் சொன்னானாம். அதைக் கேட்டபோது, எடுத்ததற்கும் பேர் உண்டுதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவனிடம் சொல்லவில்லை. அருள்பாண்டி படத்தை ஆட்டோ ஸ்டாண்டில் வைத்துப் போனில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "அந்தப் பத்திரத்த நீயேவா அடிச்ச?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். ஆமாம் என்றாள். அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் பேச்சில்லை.

பத்தாம் நாள் அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"ஏதோ படம் எழுதிருக்கியாம்."

"ஆமாண்ணே. பாத்தீங்களா?"

"நமக்கு ஏது நேரம்." கொஞ்சம் நிறுத்தினார். "அண்ணனா நடிச்சவரு எந்த ஊரு?"

"நாகமலைப் பக்கம்."

"நம்ம பக்கத்து ஆளு மாதிரியே இல்ல" என்றார். பிறகு, மழை உண்டா அங்கே என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் செல்லத்தாய் அவள் நம்பரை பிளாக் பண்ணியிருந்தாள். சர்டிபிகேட் வரவில்லை. நகல் கேட்டு முத்துமீனா விண்ணப்பம் போட்டாள். அது வருவதற்குள் கோர்ட் வேலைக்குக் கடைசித் தேதி போய்விட்டது.

ஆறு மாதம் கழித்து ஆன்றோவுக்கு வேறொரு தயாரிப்பாளர் கிடைத்தார். அவன் முத்துமீனாவைத்தான் கூப்பிட்டான். போகாதே என்றான் அருள்பாண்டி. அவளுக்கும் ஆன்றோவோடு மறுபடி உட்கார இஷ்டமில்லை. ஆனால் எழுதியதைப் படித்துவிட்டு, நல்லா இருக்கு என்று சும்மா சொல்லாத ஆள் அவளுக்குத் தெரிந்து அவன் ஒருத்தன்தான். போனாள்.

இந்த முறை அவனுடைய கதை, போலீஸ் ஸ்டேஷனில் நடப்பது. புகார் கொடுக்க வந்த பெண்ணிடம் ஏட்டு, "உன் புருசன் பெரிய இடத்து ஆளு, அதனால உன் புகாரை நான் எடுக்க மாட்டேன்" என்று பேசுவதாக ஆன்றோ எழுதியிருந்தான். முத்துமீனா பென்சிலை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தாள்.

"அப்ப அவன் என்னதான் சொல்லணும்?" என்றான் ஆன்றோ.

"பேனா எழுதலம்பான்."

"அது போதுமா?"

"அவ பையிலருந்து ஒரு பேனா எடுத்து நீட்டுவா" என்றாள். "அதுக்கு அவன் என்ன பண்ணுவான்னு நீங்க எழுதுங்க."

அவன் பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அதில் அவனுக்கு உடன்பாடு இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.